மழைக்காலத்தில் இறுகிப்போன கிளாரினெட்டைக் கீ வளையாமல் பிரித்த விதம்

கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வீட்டுக்குள் போட்ட துணிகூடக் காயாது. தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடப்பதும் அதே மாதங்களில்தான். நாளைக்கும் வாசிக்க வேண்டுமே என்று கிளாரினெட்டைப் பிரிக்காமல் ஸ்டாண்டிலேயே நிறுத்திவைத்தால், இரண்டொரு நாளில் மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஒட்டவைத்ததுபோல் இறுகிவிடும். அப்படி இறுகிப்போய் எங்களிடம் வந்த ஒரு மர பி ஃப்ளாட் கிளாரினெட்டைப் பிரித்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பேரலும் பெல்லும் சுலபமாகக் கழன்றன. மாட்டிக்கொண்டது நடு மூட்டு. கீகள் அதிகம் நெருங்கி நிற்பதும் அங்கேதான்.

ஏன் இறுகுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், செய்முறை முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. மேல் துண்டின் அடிமுனை (டெனன் என்பார்கள்) கீழ்த் துண்டின் சாக்கெட்டுக்குள் நுழைகிறது. டெனனின் சுவர் மெல்லியது, அதன் உட்பக்கம் நேராகக் குழலின் துளை. மலைக்குளிரில் குழல் பன்னிரண்டு பதினைந்து டிகிரியில் இருக்கும்போது வாயிலிருந்து வரும் சூடான மூச்சு அதில் பட்டதும் நீராக வடிகிறது. சமவெளியில் வாசிப்பதைவிட இங்கே துளைக்குள் அதிக நீர் சேர்வது அதனால்தான். அந்த ஈரத்தை டெனன் உள்ளிருந்து உறிஞ்சி வெளிப்பக்கமாக உப்புகிறது. வெளியே இருக்கும் சாக்கெட் அந்த அளவுக்கு நனைவதில்லை, அதனால் இடம் கொடுப்பதும் இல்லை. ஈரம் வருவது துளையிலிருந்து என்பதால் காயவைப்பதும் துளையிலிருந்தே தொடங்க வேண்டும்.

இறுக்கியது கார்க்கா மரமா என்பதைக் கைக்குத் தெரியும் உணர்விலேயே கண்டுபிடிக்கலாம். கார்க் தடித்துப்போயிருந்தால், அல்லது பழைய கிரீஸ் பசையாகிப் பிடித்திருந்தால், மெல்லத் திருப்பும்போது ரப்பர்போலக் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். மரம் உப்பியிருந்தால் அந்தக் கொடுப்பே இருக்காது. கல்லில் முட்டியதுபோல் நிற்கும், சில சமயம் வறட்டுக் கிரீச்சொலி வரும். கார்க்குக்கு மேலும் கீழும் டெனனில் இரண்டு மர வளையங்கள் இருக்கின்றன. முதலில் பிடிப்பது அவைதான். வாங்கி ஓரிரு ஆண்டுகூட ஆகாத மரக் குழலில் இது அதிகம். நான் சொல்லும் கிளாரினெட் அந்த வகை. பிளாஸ்டிக் கிளாரினெட்டில் உடல் உப்பாது. அங்கே சிக்கல் கார்க்கில் மட்டும்தான்.

கொண்டுவந்த தம்பி கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, முழங்கால்ல வெச்சு ஒரு அழுத்து அழுத்தவா?" அப்படி அழுத்தினால் டெனன் கழுத்தோடு முறியும், அல்லது சாக்கெட்டின் உதடு பிளக்கும். கணப்பு அடுப்பருகே வைப்பதும், ரூம் ஹீட்டர் முன்னால் காட்டுவதும், ஹேர் டிரையர் அடிப்பதும் அதே அளவுக்குக் கெடுதல். வெளிப்பக்கம் முதலில் காயும்போது சுருங்குவது சாக்கெட்தான், அது உப்பிய டெனனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சூட்டில் துளைகளை மூடும் பேடுகளின் பசையும் இளகிவிடும்.

முதல் வேலை துளையைத் துடைப்பது. மெல்லிய பருத்தித் துணியை முடிச்சில்லாமல் விரித்து, கயிற்றின் கனத்தைப் பெல் பக்கத் துளை வழியே இறக்கி மேல்பக்கமாக இழுக்க வேண்டும். மேல் துண்டின் உள்ளே ரெஜிஸ்டர் கீயின் சிறு உலோகக் குழாய் துருத்திக்கொண்டிருக்கும். தடித்த துணி அதில் மாட்டினால் ஒரு சிக்கல் இரண்டாகும். பிறகு மைத்தாளைச் சுருட்டிப் பத்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குழலாக்கி, அடிப்பக்கத்திலிருந்து நடு மூட்டு வரை நுழைத்துவைத்தோம். துளை ஏறக்குறைய பதினைந்து மில்லிமீட்டர் என்பதால் தாள் தளர்வாகவே நிற்கும், அப்படித்தான் நிற்கவும் வேண்டும். தாள் நமுத்ததும் மாற்ற வேண்டும். முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

அறைக்காற்றில் வைத்தால் மூடுபனி நாட்களில் மரம் காயாது. இருபது லிட்டர் கொள்ளும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஈரப்பதமானியை வைத்து, துளையின் இரண்டு வாயும் திறந்திருக்கக் குழலைக் கிடத்தினோம். முள் 50 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். 40-க்குக் கீழே போனால் ஜெல்லை வெளியே எடுத்துவிடுவது நல்லது, வேகமாகக் காயும் மரம் வெடிக்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சமையலறை டிஜிட்டல் தராசே போதும். தாளை எடுத்துவிட்டுக் காலையும் மாலையும் எடை போட்டால் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவரும். அடுத்தடுத்த இரண்டு எடையில் மாற்றமில்லை என்றால்தான் கை வைக்கலாம். பொதுவாக இரண்டிலிருந்து நான்கு நாள் பிடிக்கும். அதற்குள் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஈரத்தோடு திருப்பும் ஒவ்வொரு முறையும் மர வளையம் நசுங்கி மினுமினுப்பாகி இன்னும் பிடிக்கும்.

அடுத்து கீகள். நடு மூட்டின் மேல் பிரிட்ஜ் கீ இருக்கிறது. மேல் துண்டிலிருந்து நீளும் கை, கீழ்த் துண்டிலிருந்து நீளும் கையின் மேல் படிந்திருக்கும். மேல் துண்டின் வளையக் கீகளை விரலால் அழுத்தினால் மேல் கை தூக்கிக்கொள்ளும், இரண்டுக்கும் இடையில் வழி விழும். கீழ்த் துண்டின் வளையங்களை அழுத்தினாலோ கீழ்க் கையும் எழும்பி மேல் கையை முட்டும். ஆகவே மேல் வளையங்களை அழுத்தியே பிடிக்க வேண்டும், கீழ் வளையங்களைத் தொடவே கூடாது. பிரிக்கும்போது நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால் வருவதுதான்.

பிடிக்கும் இடமும் முக்கியம். நீளக் கம்பிகள் உடலை நோக்கி வரும் அழுத்தத்தை ஓரளவு தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் உடனே வளையும். மேல் துண்டின் வலப்பக்கம் நிற்கும் நான்கு டிரில் கீகளும், கீழ்த் துண்டின் உச்சியில் இடது சுண்டுவிரலுக்காக நீண்டிருக்கும் கீகளும் இதில் மிக மெலிந்தவை. குழலின் முதுகுப்பக்கத்தில் கீகள் குறைவு. அங்கே உள்ளங்கை பதிய வேண்டும். பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே வைத்தால் வழுக்காது, இறுக்கிப் பிழிய வேண்டிய தேவையும் போய்விடும். முன்பக்கம் வரும் விரல்கள் பேடுகளின் மேலேயே, அவை மூடும் திசையிலேயே அமரட்டும். இரண்டு கையும் மூட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக வருமோ அவ்வளவு நல்லது. கைகள் தூரத்தில் இருந்தால் திருப்புவதாக நினைத்துக்கொண்டு நெம்புகோல்போல் வளைத்துவிடுவோம்.

இழுக்கும் முன் மூட்டின் இருபுறமும் மரத்தின் மேல் காகித டேப் ஒட்டி, இரண்டையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டோம். கைக்கு அசைவே தெரியாத கட்டத்தில் இந்தக் கோடுதான் உண்மையைச் சொல்லும். இடமும் வலமுமாக மயிரிழை அளவுக்குத் திருப்பிக்கொண்டே நேர்கோட்டில் இழுக்க வேண்டும். மேலும் கீழுமாக ஆட்டக் கூடாது. வலு மணிக்கட்டில் இருக்கட்டும், விரல்களில் வேண்டாம். கோட்டின் இரு பாதிகளும் அரை மில்லிமீட்டர் விலகியதும் நிறுத்தி, திரும்ப நேராக்கி, மறுபடி விலக்கினோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு டேப்புக்கும் நடுவே நூலளவு இடைவெளி விழுந்தது. அதன்பின் திருப்புவதைக் குறைத்து இழுப்பதைக் கூட்ட வேண்டும். பிரிட்ஜின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தாண்டும் வரை மேல் வளையத்திலிருந்து விரலை எடுக்கவே கூடாது. பாதி தூரத்தில் 'வந்துவிட்டது' என்று விரலைத் தளர்த்தும் அந்தக் கணத்தில்தான் பிரிட்ஜ் வளைகிறது.

இவ்வளவுக்கும் கோடு அசையவில்லை என்றால் திரும்ப டப்பாவில் இன்னொரு நாள். அப்போதும் வரவில்லை என்றால் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். அவர்கள் மூட்டைச் சுற்றியுள்ள கீகளைக் கழற்றிவிட்டு வெறும் மரத்தைப் பிடிப்பார்கள். ஊசி ஸ்பிரிங்கைக் கொக்கியால் விடுவிக்கப் பழகாதவர் அதை வீட்டில் செய்ய வேண்டாம். சேர்ந்திருக்கும் குழல் பெட்டிக்குள் அடங்காது. நாலங்குல பிவிசி குழாயில் இரண்டடி வெட்டி, குழலைத் துவாலையில் சுற்றி உள்ளே நுழைத்தால் மலைப்பாதை பஸ்ஸில் எந்தக் கீயும் இடிபடாமல் போய்ச் சேரும்.

பிரிந்ததும் டெனனைப் பாருங்கள். பிடித்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். எங்கள் குழலில் கார்க்குக்குக் கீழே உள்ள வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் அப்படி இருந்தது. உடனே உப்புத்தாளை எடுக்க வேண்டாம். மழையில் உப்பியிருக்கும் அளவுக்கு ஏற்ப இழைத்துவிட்டால் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் மூட்டு ஆடும், காற்று கசியும். மரம் ஒரு வாரம் சாதாரண நிலையில் இருந்த பிறகும் பிடித்தால் மட்டும், அந்தப் பளபளப்பை மட்டும், 600 நம்பர் தாளால் இரண்டு தடவுத் தடவி மாட்டிப் பார்க்கலாம். கார்க்குக்கு மெல்லிய பூச்சாகக் கார்க் கிரீஸ் போதும், மர வளையங்களிலும் தொட்டும் தொடாமலும் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பெரும்பாலான நாட்கள் மூட்டுக்குள் கட்டியாகவே கிடக்கும்.

உலோகப் புல்லாங்குழல் ஈரத்தில் உப்பாது. அதன் தலைக்குழாய் மாட்டிக்கொண்டால் காரணம் அழுக்கு, அல்லது எங்கோ இடித்து வட்டம் கெட்டது. உதடு வைக்கும் தகட்டையும் கீகளையும் தவிர்த்து, தலைக்குழாயையும் கம்பெனிப் பெயர் பொறித்த வெற்று வளையத்தையும் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். பிறகு இரண்டு முனையையும் துடைத்தால் போதும், கிரீஸ் போடக் கூடாது.

கடைசியாகக் கிளாரினெட்டை மாட்டிப் பிரிட்ஜைச் சோதிக்க வேண்டும். மேல் துண்டின் வளையத்தோடு சேர்ந்த பேடுக்கு அடியில் சிகரெட் தாளில் வெட்டிய மெல்லிய கீற்றை வைத்து, கீழ்த் துண்டின் முதல் வளையத்தை மட்டும் அழுத்தியபடி கீற்றை இழுங்கள். பிடித்தால் பிரிட்ஜ் சரி. தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் கைகள் விலகிவிட்டன. அழுத்தாமலேயே பிடித்தால் அவை நெருங்கிவிட்டன. எங்கள் குழலில் தாள் அழுத்தும்போது பிடித்தது, விட்டதும் தளர்ந்தது. அன்று மாலைப் பயிற்சிக்கே போனது, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே துணி விட்டு இழுக்கச் சொல்லி, முடிந்ததும் ஐந்து துண்டாகப் பிரித்து டெனனையும் சாக்கெட்டின் அடியையும் துடைத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லி.