படத்தை மூடிவிட்டுப் படித்த சாலைச் சின்னங்கள்

எல்.எல்.ஆர். எடுக்கப் போகிறேன் என்றதும் டிரைவிங் ஸ்கூலில் ஒரு சார்ட் கொடுத்தார்கள். முழுக்கச் சின்னங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் பெயர். அதை வரிசையாக மனப்பாடம் செய்யலாம், ஆனால் ரோட்டில் அந்த வரிசையில் எதுவும் வராது. வண்டி போகிற வேகத்தில் உள்ளே இருக்கிற படம் கண்ணில் பதிவதற்கு முன்பே இது எச்சரிக்கையா, உத்தரவா, வெறும் தகவலா என்று தெரிந்துவிட வேண்டும். அதனால் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் படிப்போம் என்று முடிவு செய்தேன்.

அடிப்படை மூன்றுதான். நுனி மேலே பார்த்த முக்கோணம், வெள்ளைப் பரப்பு, சிவப்பு விளிம்பு என்றால் எச்சரிக்கை. வட்டம் என்றால் உத்தரவு. செவ்வகம் அல்லது சதுரம் என்றால் தகவல். இவற்றுக்கு நான் வைத்துக்கொண்ட பெயர்கள்: முக்கோணம் "கவனி", வட்டம் "கேட்டு நட", செவ்வகம் "தெரிஞ்சுக்கோ". என் மகள் சார்ட்டில் ஒரு சின்னத்தின் நடுவே விரலை வைத்துப் படத்தை மறைத்துவிட்டு, "அம்மா, இது என்ன சொல்லுது?" என்று கேட்பாள். வெறும் விளிம்பைப் பார்த்து இந்த மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தயங்காமல் சொல்ல வந்த பிறகுதான் விரலை எடுக்க விட்டேன்.

இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்பதற்குச் சைக்கிள் படம் ஒன்றே போதும். முக்கோணத்துக்குள் சைக்கிள் இருந்தால், முன்னால் சைக்கிள்கள் சாலையைக் கடக்கும் இடம் வருகிறது, பார்த்துப் போ என்று பொருள். சிவப்பு விளிம்பு வட்டத்துக்குள் அதே சைக்கிள், மேலே ஒரு குறுக்குக்கோடு என்றால் சைக்கிளுக்கு அங்கே அனுமதி இல்லை. முழு நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் என்றால் அது சைக்கிளுக்கான பாதை. படம் ஒன்றேதான், வெளிக்கூடு மாறியதும் சொல்லும் விஷயமே மாறிவிடுகிறது. படத்தை மட்டும் பார்த்து "சைக்கிள்" என்று நினைவில் வைத்தால் மூன்றும் கலந்துவிடும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது வட்டங்கள்தான், ஏனென்றால் உத்தரவிலேயே இரண்டு ஜாதி உண்டு. சிவப்பு விளிம்பு, உள்ளே வெள்ளை என்றால் "செய்யாதே" அல்லது "இதைத் தாண்டாதே". முழுக்க நீலம் என்றால் "இதைச் செய்தே ஆகணும்". ஹாரன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோட்டோடு இருந்தால் ஹாரன் அடிக்கக் கூடாது, நீல வட்டத்தில் இருந்தால் அடித்துவிட்டுத்தான் போக வேண்டும். எண்ணும் அப்படித்தான். சிவப்பு விளிம்புக்குள் 50 என்றால் அதற்கு மேல் போகக் கூடாது, நீல வட்டத்தில் 30 என்றால் அதற்குக் கீழே போகக் கூடாது. எல்லாத் தடைக்கும் குறுக்குக்கோடு இருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. வேக வரம்புக்குக் கோடு கிடையாது. உள்ளே எதுவுமே இல்லாத வெறும் வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு மட்டும் இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் வண்டிகள் வரக் கூடாது என்று அர்த்தம்.

இந்த ஒழுங்குக்குள் அடங்காதவற்றைத் தனியாக ஒரு தாளில் நானே வரைந்து, சமையலறைச் சுவரில் ஒட்டினேன். நில் என்பது எட்டுமூலை, முழுச் சிவப்பு. வழிவிடு என்பது தலைகீழ் முக்கோணம். இரண்டுமே உத்தரவுகள், வட்டமாக இல்லாவிட்டாலும். இப்படி வித்தியாசமான வடிவம் வைத்ததில் பெரிய வசதி இருக்கிறது, எதிர்ப்பக்கச் சாலைக்கு வைத்த பலகையின் முதுகைப் பார்த்தே அந்த வண்டி நிற்க வேண்டுமா, வழிவிட வேண்டுமா என்று நமக்குத் தெரிந்துவிடும். அடுத்தது வண்டி நிறுத்தும் விஷயம். நீலப் பரப்பு, சிவப்பு விளிம்பு, அதில் ஒரு சாய்ந்த சிவப்புக் கோடு என்றால் நோ பார்க்கிங். இரண்டு கோடு பெருக்கல் குறி போலக் குறுக்கே போனால் அங்கே நிற்கவே கூடாது, ஆளை இறக்கிவிடக்கூட. நீலத்தைப் பார்த்ததும் "செய்" என்று மனசு சொல்லிவிடும், அதனால் இந்த இரண்டையும் திரும்பத் திரும்ப வரைந்தேன். கடைசியாக, வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு என்றால் இதுவரை இருந்த தடை இங்கே முடிகிறது.

வீட்டில் படித்ததைப் பஸ்ஸில் சோதித்தேன். டவுனுக்குப் போகும் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட் கிடைத்தால் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். ஊர் தாண்டியதும் பச்சைச் செவ்வகம், வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயரும் கிலோமீட்டரும்: தெரிஞ்சுக்கோ. கொஞ்ச தூரத்தில் முக்கோணம், உள்ளே கேட் படம், அதாவது ஆள் இருக்கும் ரயில்வே கேட். கேட் படத்துக்குப் பதில் ரயில் எஞ்சின் இருந்தால் ஆள் இல்லாத கேட், அப்போது இரண்டு பக்கமும் நாமே பார்த்துத்தான் கடக்க வேண்டும். அந்த முக்கோணத்தோடு சாய்ந்த சிவப்புப் பட்டைகள் போட்ட பலகையும் வரும், இரண்டு பட்டை என்றால் கேட் சுமார் 200 மீட்டரில், ஒரு பட்டை என்றால் 50 முதல் 100 மீட்டருக்குள். பிறகு 30 என்று எழுதிய சிவப்பு வட்டம்: கேட்டு நட. அந்தத் தடத்தில் போகும்போது ஒன்று புரிந்தது. முக்கோணம் வருவது ஆபத்துக்கு முன்னாலேயே, நமக்கு வேகத்தைக் குறைக்க இடம் கொடுத்து. வட்டம் நிற்கும் இடத்திலிருந்தே அதன் உத்தரவு தொடங்கிவிடும், இனிமேல் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. டவுனுக்குள் நீலச் செவ்வகத்தில் பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி, சாப்பாட்டுக்கடைப் படங்கள், அவை எல்லாம் தகவல்.

ரோட்டில் பார்த்தால் பல பலகைகள் வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. சிவப்புதான் சீக்கிரம் போய்விடுகிறது, விளிம்பு மங்கிய இளஞ்சிவப்பாகவோ ஏறக்குறைய வெள்ளையாகவோ தெரியும், உள்ளே கறுப்புப் படம் மட்டும் நன்றாக நிற்கும். அப்போது வடிவம்தான் கை கொடுக்கும். எங்கள் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது, அவர் பல வருஷமாக பைக் ஓட்டுகிறார். அவர் சொன்ன வழி எனக்கும் பிடித்தது: வட்டம் என்றால், உள்ளே வெளிச்சமான பரப்பா, முழுக்க அடர்ந்த பரப்பா என்று பார்ப்பாராம். வெளிச்சம் என்றால் செய்யாதே, அடர்த்தி என்றால் செய். நோ பார்க்கிங்கும், வெள்ளைப் பட்டை போட்ட சிவப்பு நோ என்ட்ரியும் இதற்கு விலக்கு, அவற்றை மட்டும் தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

தேர்வில் கம்ப்யூட்டர் திரையில் சின்னம் வரும், கீழே விடைகள். இந்தப் பழக்கம் அங்கே நேராகவே உதவியது. 2 மீட்டர் என்று நடுவில் எழுதி இரண்டு பக்கமும் அம்புகள் உள்நோக்கி இருக்கிற சின்னம் வந்தது. "முன்னால் குறுகிய பாலம்" என்பதும் விடைகளில் ஒன்று, படத்தை மட்டும் பார்த்தால் அதுவும் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் வெளியே வட்டம், ஆகவே எச்சரிக்கை என்று சொல்கிற விடைகள் எல்லாம் தானாகவே விழுந்துவிட்டன. 2 மீட்டருக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதி இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்து அடுத்த கேள்விக்குப் போனேன்.