குப்பம் ஏரி வரைபடம்: தம்பிக்கு ஒப்படைப்பு

மார்ச் 3, குப்பம்

ஓசூரிலிருந்து குப்பம் வரையிலான ஏரி வரைபட வேலை இனி தம்பியுடையது. முதலில் யூடிஎம் மண்டலத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்ற குழப்பமெல்லாம் அப்புறம்தான். கிழக்கு 78 பாகைக் கோடு சூளகிரிப் பக்கமாகப் போகிறது. அதற்கு மேற்கே உள்ள ஓசூர் 43-ஆம் மண்டலம். கிழக்கே உள்ள கிருஷ்ணகிரியும் குப்பமும் 44. கோப்பில் மண்டலம் எழுதியிருக்காவிட்டால் எண்ணைப் பார். கிழக்குத் தூரம் ஓசூரில் 8 லட்சம் மீட்டரை ஒட்டியும் குப்பத்தில் 2 லட்சத்தை ஒட்டியும் இருக்கும். குப்பத்துக் கோப்புக்கு 43 என்று பெயர் வைத்தால் ஏரிகளெல்லாம் அரபிக்கடலில் போய் விழும். கடலில் விழுந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும்.

மார்ச் 5

முழு வேலைக்கும் 44 (EPSG:32644) என்று வைத்திருக்கிறேன். ஓசூர் அந்த மண்டலத்துக்கு வெளியே இருப்பதால் அங்கே தூரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதலாக வரும். ஏரி வரைபடத்துக்கு அது பரவாயில்லை. பரப்பை மட்டும் QGIS-இல் `$area` கொண்டு எடு, அது நீள்கோளத்தின் மேல் கணக்கிடும். `area($geometry)` தட்டையான தளத்தில் அளப்பதால் அந்தக் கூடுதலும் சேர்ந்துவிடும்.

ஓசூர்க் கோப்புகளை 44-க்குக் கொண்டுவர `Reproject layer` பயன்படுத்து. `Set Layer CRS` பெயர்ப்பலகையை மட்டும்தான் மாற்றும், எண்கள் பழையபடியே இருக்கும்.

மார்ச் 8

இன்று பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்கள், 57 L வரிசை. இவை எவரெஸ்ட் நீள்கோளத்தில் வரைந்தவை. தாளில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே WGS84 என்று எடுத்துக்கொண்டால் குப்பத்தில் எல்லாம் தென்கிழக்கே சுமார் 200 மீட்டர் தள்ளி விழும். இதில்தான் ஏமாந்துபோவோம், 200 மீட்டர் என்பதால் பார்த்தவுடன் சந்தேகம் வராது, பக்கத்து ஏரியோடு பொருந்துகிற மாதிரிகூடத் தோன்றும். தாளின் கட்டக்கோடுகளை வைத்து EPSG:4146-இல் நிலைநிறுத்தி, பிறகு மாற்று:

```
gdalwarp -s_srs EPSG:4146 -t_srs EPSG:32644 L_old.tif L_utm.tif
```

D43, D44 என்று தொடங்கும் புதிய தாள்களுக்கு இது வேண்டாம். அவை ஏற்கெனவே WGS84-இல்தான் இருக்கின்றன, மண்டல எண்ணும் பெயரிலேயே இருக்கிறது. கையில் கொண்டுபோகும் ஜிபிஎஸ்ஸும் WGS84தான்.

மார்ச் 9

தம்பி போனில் கேட்டான்: "அண்ணா, மாற்றினது சரியா வந்திருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?" நீர்விளிம்பை நம்பாதே, மழைக்கு மழை நகரும். மதகு, கலிங்கல், கோயில் என்று அசையாத இடங்களில் ஜிபிஎஸ் புள்ளி எடுத்துத் தாளோடு ஒப்பிடு. சில மீட்டர் விலகினால் விட்டுவிடு. எல்லாப் புள்ளியும் ஒரே திசையில், ஒரே அளவு விலகினால் மாற்றம் நடக்கவில்லை. ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகினால், புதுக் கலிங்கல் கட்டியிருக்கிறார்களா என்று ஊரில் விசாரி.