கடைசித் தேதியும் கைவைக்கிற தேதியும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் பயர், டையிங் யூனிட், பட்டன், லேபிள் தரும் ட்ரிம்ஸ் சப்ளையர், கட்டிங் மாஸ்டர் என எல்லாரும் கேட்பது என் மேசைக்குத்தான் வரும். எல்லா மெயிலின் தலைப்பிலும் அவசரம் என்றுதான் இருக்கும். வீட்டு வேலைகளும் அதே நோட்டில்தான் எழுதியிருப்பேன்.

அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போட்டு வேலையைப் பிரிக்கும் முறையை அமெரிக்க அதிபர் ஐசனோவர் பெயரில் சொல்வார்கள். 1954இல் ஓர் உரையில், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவரின் சொல்லாக அவர் இதைக் குறிப்பிட்டார்: அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாவதில்லை. இதில் பின்பாதி எங்கள் தொழிலுக்குப் பொருந்தாது. முக்கியமான வேலை இங்கே சத்தமில்லாமல் அவசரமாகிவிடும். கட்டம் போட்டும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். மூன்று கலர் போலோ டீ-ஷர்ட், சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள் செப்டம்பர் 30. ஜூலை 15 அன்று நோட்டில் 'லேப் டிப் அனுப்பணும்' என்று ஒரு வரி இருக்கிறது. பயர் கேட்ட ஷேடு வருகிறதா என்று சிறு துண்டுத் துணியில் சாயம் போட்டுக் காட்டுவதுதான் லேப் டிப். இரண்டரை மாதம் இருக்கிறதே என்று அதை 'முக்கியம், அவசரமில்லை' கட்டத்தில் போடத் தோன்றும். பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தால் கதை வேறு. கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து ஒரு மாதம் வேண்டும். ஆக, செப்டம்பர் 1இல் துணி மேசைக்கு வந்தாக வேண்டும். டையிங், பிறகு துணி சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங் இரண்டுக்கும் மூன்று வாரம் விட்டால் ஆகஸ்ட் 10க்குள் ஷேடு ஓகே ஆகியிருக்க வேண்டும். டையிங் லேபில் நாலு நாள், கூரியரில் மூணு நாலு நாள், பயர் பார்த்துப் பதில் சொல்ல இரண்டு மூணு நாள் என ஒரு சுற்றுக்குப் பத்து நாள் ஓடிவிடும். நேவி, மெரூன் மாதிரி அடர் ஷேடு முதல் சுற்றிலேயே ஓகே ஆகும் என்று நம்பி உட்கார முடியாது. இரண்டு சுற்றுக்குக் கணக்கு வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கைவைக்க வேண்டிய தேதி ஜூலை 20ஐத் தாண்டக்கூடாது. அதாவது இந்த வாரமே.

அதனால் நோட்டில் ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் இரண்டு தேதி எழுதுகிறேன்: முடிய வேண்டிய தேதி, கைவைக்க வேண்டிய தேதி. அவசரமா என்று பார்ப்பது இரண்டாவது தேதியை வைத்துத்தான். முக்கியமா என்பதற்கு ஒரே கேள்வி: இதை விட்டால் எது நின்றுபோகும், அதைப் பிறகு சரிக்கட்ட முடியுமா? அன்று காலை 'உடனே வேண்டும்' என்று வந்த ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளிப் போனால் எந்த மெஷினும் நிற்காது. அதைச் சாயங்காலத்துக்கு வைத்துவிட்டு, கேட்டவருக்கு, எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு வரி பதில் போட்டுவிடலாம்.

வீட்டு வேலைகளில் சிக்கல் வேறு மாதிரி. பைக் இன்சூரன்ஸுக்குத் தேதி உண்டு. காலாவதியாகி 90 நாளைத் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். ஆனால் பி.எஃப். நாமினேஷனுக்குக் கடைசித் தேதி என்று எதுவும் இல்லை. யாரும் போன் செய்து கேட்க மாட்டார்கள். செய்யாமல் விட்டால் அலைவது நமக்குப் பின்னால் வீட்டில் இருப்பவர்கள். தேதி இல்லாத வேலைக்கு நாமேதான் தேதி வைக்க வேண்டும். அதையும் துண்டாக்கி வைத்தால் நடக்கும்: வியாழன் இரவு வீட்டுக்காரரின் ஆதார் நம்பரையும் போட்டோவையும் எடுத்து வைப்பது, ஞாயிறு காலை போர்ட்டலில் ஏற்றி ஓ.டி.பி. போட்டு இ-சைன் முடிப்பது.

எங்களுக்குச் சாயம் போட்டுத் தரும் யூனிட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். 'அப்பறம் பாத்துக்கலாங்கண்ணா' என்று யார் சொன்னாலும், 'அப்பறம்னா எந்தக் கெழமைங்க?' என்றுதான் கேட்பார். கிழமை சொல்ல முடியாவிட்டால் அது தள்ளி வைத்த வேலை ஆகாது, கைவிட்ட வேலைதான் என்பது அவர் கணக்கு. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை தேதி மாற்றிய வேலைக்கு மூன்றாவது தேதி போடுவதில்லை. ஒன்று இன்றைக்கே செய்வது, இல்லையென்றால் அடித்துவிடுவது.

அடிப்பதிலும் ஒரு முறை உண்டு. பழைய சப்ளையர் விலைப்பட்டியலை ஒழுங்குபடுத்துவது மாதிரி எனக்கு மட்டுமே உரிய வேலையைப் பேசாமல் அடித்துவிடலாம். இன்னொருவர் காத்திருக்கும் வேலையை அப்படி அடிக்க முடியாது. ஆர்டராக மாறாத என்கொயரிக்கு மறுபடி காஸ்டிங் போடச் சொல்லியிருந்தால், 'இதை இப்போதைக்கு விடுகிறேன் சார், பயர் திரும்பக் கேட்டால் இரண்டு நாளில் தருகிறேன்' என்று மேனேஜருக்கு எழுதி, அவர் சரி என்ற பிறகுதான் கோடு போடுவேன். அவர் வேண்டும் என்றால் அந்த வரிக்கும் கைவைக்கிற தேதி ஒன்று எழுதியாக வேண்டும்.