ஒட்டாமல் அனுப்பிய சப்பாத்து

"இன்னிக்கு ராத்திரி மட்டும் தாங்கினா போதும்ணே. காலையில தூக்கிப் போட்டுடுறேன்." காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்க்கும் அந்தத் தம்பி சொன்னது இவ்வளவுதான். "கம் பிடிக்காது தம்பி" என்று நான் அவருடைய சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன அக்டோபரில், கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் நான் சப்பாத்தும் குடையும் ரிப்பேர் பார்க்க உட்காரும் இடத்தில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் நடந்தது. இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. கறுப்பு பூட்ஸ், மேல்தோல் நன்றாக இருந்தது, வலது காலில் அடிப்பாகம் பாதிக்கு மேல் வாயைத் திறந்திருந்தது. அடி பிரிந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது பிரிந்த இடத்தைத்தான். பழைய கம் ஒரு பக்கம் முழுசாக, வழவழப்பாகத் தெரிந்தால் கம்தான் கைவிட்டிருக்கிறது, மறுபடி ஒட்டலாம். கம்மின் மேல் அடிப்பாகத்தின் துகள் அப்பிக்கொண்டிருந்தால் கம் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, கிழிந்தது அடியே. இந்தத் தம்பியின் சப்பாத்து இரண்டாவது வகை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது, ஓரத்தில் ஈரமான பிஸ்கோத்துப் போல உதிர்ந்தது.

பாலியூரித்தேன் அடி என்றால் இந்த ஊரில் இது சகஜம். லேசாக இருக்கும், நடக்க மெத்தென்று இருக்கும், அதனால் பூட்ஸுக்கும் ஆபீஸ் சப்பாத்துக்கும் நிறையப் போடுகிறார்கள். ஆனால் காற்றில் உள்ள ஈரமே அதை உள்ளுக்குள் மெல்ல உடைத்துவிடும். போடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்தாலும் தப்பாது. தீபாவளிக்கு முன்னால் அலமாரியிலிருந்து எடுத்து, ஒரு தரம்தான் போட்டேன் என்று கொண்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்தத் தம்பியும் ரொம்ப நாள் பெட்டியில் வைத்திருந்ததாகத்தான் சொன்னார்.

அப்படிப்பட்ட அடியில் எவ்வளவு நல்ல கம் போட்டாலும், கம் பிடிப்பது மேலே இருக்கும் ஒரு படலத்தைத்தான். நாலு எட்டு வைத்ததும் அந்தப் படலம் கம்மோடு சேர்ந்து கழன்றுவிடும். தைத்தாலும் நூல் அடியை அறுத்துக்கொண்டு போகும். பழைய அடியைச் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் அடி வைத்துத் தருவதுதான் சரியான வேலை. அதற்கு இரண்டு நாளாவது எனக்கு வேண்டும். இது போதாதென்று தோல் வேறு நனைந்திருந்தது. இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெல்லிசாகக் கம் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்தித் தட்ட வேண்டும். வெயிலில் கால் மணி நேரத்தில் காயும். மழை ஈரத்தில் கம்மின் மேல் வெள்ளையாக ஒரு மூட்டம் படியும், அது படிந்தால் ஒட்டின மாதிரி இருக்கும், பிடிக்காது.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? இல்லை. "கம் பிடிக்காது தம்பி, ரெண்டு நாள் கொடு, வேற அடி வைச்சுத் தரேன்" என்பதோடு சரி. ஏனென்றால் எதிரில் குடை ரிப்பேருக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

என்னைக் குடைவது இந்த இடம்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூர் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் பிடிக்கும். அந்த நேரத்தில் பாலிஷுக்கு ஆள் வராது. சப்பாத்தும் அவ்வளவாக வராது. நனைந்த சப்பாத்து காய்ந்து, ஓரம் விரிந்து, என்னிடம் வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மழை பெய்யும்போதே வருவது குடை ஒன்றுதான். கம்பி மூட்டில் ஆணி விழுந்திருக்கும், துணி முனையிலிருந்து கழன்றிருக்கும். கம்பித் துண்டு ஒன்றை மூட்டில் கோத்து முறுக்கினாலோ, நாலு தையல் போட்டாலோ முடிந்தது, ஐந்து வெள்ளி கைக்கு வரும். அதற்கு மேல் கேட்டால் புதுக்குடை வாங்கப் போய்விடுவார்கள். மழை விட்டதும் அவர்களும் போய்விடுவார்கள். ஆக, அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பது எனக்கு நஷ்டம். சப்பாத்தின் நிலைமையைப் பார்த்து மறுத்தேனா, வரிசையைப் பார்த்து மறுத்தேனா? மழை குறைந்த ஜூலை மாதமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் புரட்டிப் பார்த்திருப்பேனோ?

பார்த்திருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ராத்திரியெல்லாம் சுற்றி நடக்கிற வேலை. நனைந்த பளிங்குத் தரையில் அடி கழன்று மடங்கினால் ஆள் விழுவார். இன்னொன்றும் உண்டு. நான் ஒரு காலத்தில் ரயில் நிலைய வாசலில் உட்கார்ந்து பார்த்தவன். அங்கே கூட்டம் அதிகம், வேலை குறைவு. எல்லாருக்கும் அவசரம், நின்று காலைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. இப்போது இருக்கும், கடை வரிசை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதைத் தூண் ஓரத்தில் கூட்டம் பாதிதான். ஆனால் காலையில் போகிறவர்களே சாயங்காலமும் இதே வழியாகத் திரும்புகிறார்கள். காலையில் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்வார்கள், கம் இறுகப் பகல் முழுக்க எனக்குக் கிடைக்கும். இந்த இடம் எனக்கு நிலைத்ததற்கு அதுதான் காரணம். திரும்பி வருகிறவர்களை நம்பி உட்கார்ந்திருப்பவன், மறுநாள் பிய்ந்துபோகும் வேலையைச் செய்து கொடுக்க முடியுமா?

ஆனால் அந்தத் தம்பி திரும்பி வருகிறவர் இல்லை. எங்கிருந்தோ மழைக்கு ஒதுங்கியவர். அவர் கேட்டது என் வேலையின் ஆயுளை அல்ல, பன்னிரண்டு மணி நேரத்தை. நான் அவருக்குச் சொன்ன பதில், தினமும் இந்த வழியே போகிறவர்களுக்காக நான் வைத்திருக்கும் பதில்.

புடு பக்கம் உட்காரும் என் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். "அடியில ஏன் தைக்கிற? நைலான் நூலை அடிக்குக் கீழ கொடுத்து, மேல்தோலோட சேர்த்து ரெண்டு இடத்துல கட்டி விட்டிருக்கலாம்ல? காசு வாங்காம விடு" என்றார். கட்டலாம்தான். நடக்கும்போது நூல் தரையில் தேய்ந்து அறுந்துவிடும் என்றேன். எத்தனை மணிக்கு அறும் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நான் கட்டிப் பார்த்ததே கிடையாது.

பிறகு எனக்கு வந்த ஒரு உதிர்ந்த சப்பாத்தை, சொந்தக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போனதை, அவர் சொன்ன மாதிரியே கட்டி என் காலில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரயில் ஏறும்வரை தாங்கியது. இறங்கி நடக்கையில் குதிகால் பக்கம் நூல் அறுந்தது, முன்பக்கம் அறவில்லை. சரி, இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? நான் சொன்னது சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், முன்பக்கம் அறாததால் அவர் சொன்னது சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம். அன்று விரிந்திருந்தது குதிகாலா, முன்பக்கமா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். முன்பக்கம் என்றுதான் தோன்றுகிறது.