பம்பாய்ல இருந்து ஊருக்குத் திரும்பினோம்: அப்பா பேர்ல இருந்த பட்டாவை மாத்தின அனுபவம்

செம்பூர்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்துட்டு ரிட்டயர் ஆனதும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு தென்காசி மாவட்டத்துல இருக்கிற எங்க சொந்த ஊருக்கே வந்துட்டோம். கேஸ் மாத்தறது, வோட்டர் லிஸ்ட்ல ஃபார்ம் 8 போடறது, ஆதார் அட்ரஸ், பேங்க் எல்லாம் பெரிசா பிரச்சனை இல்லாம முடிஞ்சிருச்சு. எங்களை ஒரு வருஷம் போல உலுக்கி எடுத்தது வாரிசு சான்றிதழ்தான். என்னை மாதிரி வெளியூர்ல காலம் தள்ளிட்டு ஊர்ல வந்து வீடு கட்டலாம்னு இருக்கிறவங்களுக்காக எழுதறேன்.

ஓட்டு வீட்டை இடிச்சுட்டு சின்னதா ஒண்ணு கட்டலாம்னு பிளான். 2024ல இருந்து சின்ன வீடுகளுக்கு சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி வாங்கிக்கலாம்னு வந்திருக்கு, மனை 2,500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ள இருந்தா போதும், எங்களுக்கு அது பொருந்துச்சு. ஆனா அதுக்கு பட்டா வேணும், பட்டா இன்னும் அப்பா பேர்ல. அப்பா இறந்தது 2009ல. அவர் பேர்ல இருந்து என் பேருக்கு வரணும்னா முதல்ல வாரிசு சான்றிதழ், அப்புறம் அம்மாவும் தங்கச்சியும் அவங்க பங்கை விட்டுக் கொடுத்து எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும், அதுக்கப்புறம் பட்டா மாறுதல். சொல்றதுக்கு மூணே வரிதான்.

இ-சேவை மையத்துல 60 ரூபாய் கட்டி அப்ளை பண்ணியாச்சு. இங்கயே ஒரு விஷயம் சொல்லிடறேன், மனு போடறவங்களுக்கான கேன் நம்பர் எடுக்கும்போது உங்க மொபைல் நம்பரைத்தான் போடறாங்களான்னு ஸ்கிரீனைப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க. எங்களுக்கு அந்த மையத்துக்காரர் அவர் நம்பரைப் போட்டுட்டார், அதனால மெசேஜ் எல்லாம் அவருக்குத்தான் போச்சு. மனு தள்ளுபடி ஆனதே எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

தள்ளுபடிக்குக் காரணம்னு ஒரே ஒரு வரி. இறந்தவர் மும்பையில வசிச்சவர், இங்க வழங்க இயலாது. அப்பா ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஊர்லயேதான் இருந்தார். உடம்பு முடியாம ட்ரீட்மெண்டுக்கு எங்கிட்ட வந்து அங்கேயே போய்ச் சேந்துட்டார், அதனால டெத் சர்டிபிகேட் மும்பை மாநகராட்சி கொடுத்தது. தாலுகா ஆபீஸ்ல அந்த செக்‌ஷன் கிளார்க்கைப் போய்ப் பாத்தேன். பேப்பரைத் திருப்பிக்கூடப் பாக்கல. "மும்பைலதான சார் இறந்திருக்கார், அங்க போய் வாங்குங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அங்க போய் வாங்கறது அவ்வளவு லேசு இல்லைங்க. மகாராஷ்டிரால நம்ம ஊர் மாதிரி தாசில்தார் கொடுக்கற வாரிசு சான்றிதழை வச்சு இதை முடிச்சிட முடியாது, 1827ல போட்ட ஒரு பழைய பம்பாய் ரெகுலேஷன்படி சிவில் கோர்ட்ல மனு போட்டு ஹேர்ஷிப் சர்டிபிகேட் வாங்கணும். வக்கீல், பேப்பர்ல விளம்பரம், வாய்தான்னு அது போய்க்கிட்டே இருக்கும். அதைக் கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

எங்களைக் காப்பாத்தினது எங்க விஏஓதான். சின்ன வயசுப் பொண்ணு, நான் சொன்னதை முழுசாக் கேட்டுட்டு அந்த டெத் சர்டிபிகேட்டை வாங்கி நிதானமாப் படிச்சாங்க. "சார், இதுல ரெண்டு முகவரி இருக்கு பாருங்க"ன்னு விரலை வச்சுக் காமிச்சாங்க. டெத் சர்டிபிகேட்ல இறந்த நேரத்துல இருந்த முகவரின்னு ஒரு கட்டம், நிரந்தர முகவரின்னு பக்கத்துல இன்னொரு கட்டம் இருக்கும். முதல் கட்டத்துல எங்க செம்பூர் ஃபிளாட், ரெண்டாவது கட்டத்துல ஊர்ப் பேரும் தெருப் பேரும் மங்கலா இருந்துச்சு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஃபார்ம் எழுதினப்போ அம்மா பக்கத்துல இருந்து சொல்லி எழுத வச்சது அது. அந்தக் கட்டத்தை மார்க் பண்ணி, அப்பா பேர் இருந்த பழைய ரேஷன் கார்டு, அந்த வருஷத்து வாக்காளர் பட்டியல் நகல் ரெண்டையும் சேத்து மறுபடி புதுசா அப்ளை பண்ணினோம். இந்தத் தடவை முகவரி பத்தி யாரும் பேசல. வயசானவங்க பிள்ளைங்க வீட்ல சிட்டில போய் இருக்கும்போது தவறிட்டா, அந்த ஃபார்ம்ல நிரந்தர முகவரி என்ன எழுதறாங்கன்னு யாராவது ஒருத்தர் நின்னு பாருங்க. அழுதுக்கிட்டு இருக்கிற நேரம்தான், ஆனா பின்னாடி வாரிசுங்க அலையறதும் அலையாததும் அந்த ஒரு கட்டத்துலதான் இருக்கு.

அடுத்தது ஆச்சி. வருவாய் ஆய்வாளர்கிட்ட ஃபைல் போனதும் "உங்க அப்பாவோட அம்மா அப்போ இருந்தாங்களா"ன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியல. அப்பாவுக்கு வாரிசு அம்மா, நான், தங்கச்சி மூணு பேர்தான்னு நாங்க எழுதிக் கொடுத்திருந்தோம். ஆனா இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு ஆம்பிள்ளை உயில் எழுதாம இறந்துட்டா மனைவி, பிள்ளைங்களோட அவரோட அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. மகன் இறக்கும்போது தாயார் உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அப்புறம் அவங்க இறந்துட்டா அந்தப் பங்கு அவங்க மத்த பிள்ளைங்களுக்கும் போகும், அப்போ அத்தை, சித்தப்பான்னு அத்தனை பேரும் கையெழுத்துக்கு வரணும். எங்க ஆச்சி 2003லயே போயிட்டாங்க, அப்பாவுக்கு முன்னாடியே. அதனால பங்கு விவகாரம் வரல, ஆனா அவங்க முன்னாடியே இறந்துட்டாங்கன்னு நாங்கதான் காமிக்கணும். ஆச்சியோட டெத் சர்டிபிகேட் எங்க யார்கிட்டயும் இல்ல.

அதைத் தேடினது தனிக் கதை. ஆன்லைன்ல இல்ல. விஏஓகிட்ட பழைய ரெஜிஸ்டர் கிடையாது, அதெல்லாம் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பியாச்சு. எங்க ஊர் நடுவுல வேற தாலுகாவுக்கு மாறினதுல இங்க கேட்டா அங்கங்கறாங்க, அங்க கேட்டா மாவட்டம் பிரிஞ்சப்பவே இங்க அனுப்பிட்டோம்ங்கறாங்க. கடைசியில பழைய தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம்லதான் இருந்துச்சு. அங்க இருந்த உதவியாளர் "தேதி தெரியுமா"ன்னு கேட்டார். வருஷம் மட்டும் சொன்னா தேட மாட்டாங்க, மாசமாவது தெரியணும். அம்மா ஆச்சியோட திதியைச் சொன்னாங்க, ஆவணி மாசம் தேய்பிறை அஷ்டமின்னு. அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பாத்து இங்கிலீஷ் தேதி கண்டுபிடிச்சு எழுதிக் கொடுத்தேன், அதுக்குப் பக்கத்துலயே பதிவு இருந்துச்சு. அந்த நகல் கைக்கு வந்தப்போ எனக்கு இருந்த சந்தோஷம் பிளான் அப்ரூவல் வந்தப்போகூட இல்ல.

இதுக்கு நடுவுல விஏஓ விசாரணை. அக்கம்பக்கத்துல ரெண்டு பேர், இவங்கதான் வாரிசு, வேற யாரும் இல்லைன்னு வாக்குமூலம் கொடுக்கணும். எனக்கு உண்மையிலேயே வலிச்ச இடம் இதுதான். எங்க தெருவுல இடது பக்க வீடு வித்துப்போய் புதுசா யாரோ வந்திருக்காங்க, எதிர் வீட்டுப் பிள்ளைங்க கோயம்புத்தூர்ல, வலது பக்கம் பூட்டிக் கிடக்கு. லீவுல வந்து நாலு நாள் இருந்துட்டு கோயில் கொடைக்குப் போய்ட்டுத் திரும்பின என்னை யாருக்குத் தெரியும்? ஒருத்தர் என் முகத்துக்கு நேராவே "உங்களை எனக்குத் தெரியாதே, நான் எப்படிக் கையெழுத்துப் போடறது"ன்னுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. தலையாரிதான் (இப்போ கிராம உதவியாளர்னு சொல்றாங்க) மேலத்தெருவுல எங்க அப்பாகூடப் படிச்ச ஒரு பெரியப்பாவைக் கூட்டிட்டு வந்தார். அவர் என்னைப் பாக்கல, நேரா அம்மாகிட்ட போய் "என்னம்மா மதினி, எப்ப வந்தீக"ன்னு கேட்டார். அதைப் பாத்ததுமே விஏஓ எழுத ஆரம்பிச்சுட்டாங்க. ஊருக்கு வரப்போறீங்கன்னா அப்பா காலத்து ஆளுங்க உயிரோட, நினைவோட இருக்கும்போதே இந்த வேலையை முடிச்சிருங்க. இன்னும் பத்து வருஷம் கழிச்சு வந்திருந்தா எனக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் இருந்திருக்க மாட்டாங்க.

சான்றிதழ் வந்ததுக்கப்புறம் தங்கச்சி பவர். அவ சிங்கப்பூர்ல இருக்கா, லீவு கிடைக்கல, அதனால அம்மாவுக்கு பவர் எழுதி அனுப்பச் சொன்னோம். எனக்கே பவர் கொடுத்தா எழுதிக் கொடுக்கறவங்க பக்கமும் நான், வாங்கறவங்க பக்கமும் நான்னு ஆகும், அதனால அம்மாவுக்கு. அங்க ஒரு ஏஜென்ட் அடிச்சுக் கொடுத்த பொது டிராஃப்ட்ல ஹைகமிஷன்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா. சார்பதிவாளர் படிச்சுட்டு திருப்பிக் கொடுத்துட்டார், சொத்தை நிர்வகிக்க, வாடகை வசூலிக்கன்னு பக்கம் பக்கமா இருக்கு, விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க அதிகாரம்னு ஒரு வரி இல்ல. மறுபடி அவ லீவு போட்டு, அப்பாயின்ட்மெண்ட் வாங்கி, புதுசா எழுதி அனுப்பினா. இங்க இருக்கிற பத்திர எழுத்தர்கிட்ட டிராஃப்ட் வாங்கி அனுப்பறதுதான் சரி. சர்வே நம்பர், நாலு எல்லை, பரப்பு எல்லாம் அதுலயே இருக்கணும். அவ பாஸ்போர்ட்ல வீட்டுக்காரர் பேரு சேந்திருக்கு, வாரிசு சான்றிதழ்ல அப்பா இனிஷியல், அதனால ரெண்டு பெயரையும் எழுதி ரெண்டும் ஒருத்தரேன்னு டிராஃப்ட்லயே சொல்லிட்டோம். இன்னொண்ணு, வெளிநாட்டுல எழுதின பவர் இந்தியாவுக்கு வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரைத்தீர்வை கட்டணும். கூரியர் கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, என்னிக்கு வந்துச்சுங்கறதுக்கு அதுதான் ஆதாரம்.

விடுதலைப் பத்திரம் ஒரு காலைப்பொழுதுல முடிஞ்சுது. அம்மா, அண்ணன் தங்கச்சி எல்லாம் குடும்பம்ங்கற கணக்குல வர்றதால முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம்தான், அதுக்கும் உச்சவரம்பு இருக்கு, 2023 ஜூலைல அதை 25,000ல இருந்து 40,000 ரூபாயா ஏத்திட்டாங்க. எங்க மனை மதிப்புக்கு அந்த அளவு எல்லாம் போகல. முழு மனையும் ஒரே ஆளுக்கு வர்றதால உட்பிரிவு கிடையாது, சர்வேயர் வர வேண்டியதில்ல, பட்டா என் பேருக்கு மாறி வந்துருச்சு.

இப்போ ஈபி பேர் மாத்தறது மட்டும் பாக்கி. செக்‌ஷன் ஆபீஸ்ல வீட்டு வரி ரசீது என் பேர்ல கேக்கறாங்க, அதனால பஞ்சாயத்துல வரிப் பேர் மாத்த மனு கொடுத்திருக்கேன். வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி இது ரெண்டும் முடிஞ்சாகணும்னு மேஸ்திரிகிட்ட தை மாசம் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். இதே வேலையில இருக்கிறவங்க யாராவது மும்பை சர்டிபிகேட்ல நிரந்தர முகவரியும் மும்பைன்னே எழுதியிருந்து அதை இங்க சமாளிச்சிருந்தீங்கன்னா எப்படின்னு சொல்லுங்க, எங்க சொந்தக்காரர் ஒருத்தர் தானேல அதே சிக்கல்ல உக்காந்திருக்கார்.