சாணைக்கல்லை முன்வைத்துக் கத்தித் தேர்வு

வீட்டுச் சமையலுக்கான கத்தித் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கையில், எந்த எஃகு உயர்ந்தது என்பதைவிட, எந்தக் கத்தியை நானே தொடர்ந்து கூராக வைத்திருக்க முடியும் என்பதையே அளவுகோலாகக் கொண்டேன். இதற்காக 20 செ.மீ. அலகுள்ள இரண்டு கத்திகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். ஒன்று, ஐரோப்பியக் கத்திகளில் பரவலாக உள்ள 1.4116 என்னும் எஃகு. இதில் கார்பன் ஏறத்தாழ 0.5 சதவீதம், ராக்வெல் கடினம் சுமார் 56. மற்றொன்று ஜப்பானிய விஜி-10. கார்பன் இதைப் போல் இரு மடங்கு, கடினம் 60 அளவில்.

இரண்டையும் 1000 எண் கல்லில் தீட்டினேன், முதலாவதை 20 பாகையிலும் இரண்டாவதை 15 பாகையிலும். அலகின் அகலம் 45 மி.மீ. என்றால், அதன் முதுகைக் கல்லிலிருந்து 12 மி.மீ. தூக்கினால் ஏறத்தாழ 15 பாகையும், 15 மி.மீ. தூக்கினால் ஏறத்தாழ 20 பாகையும் கிடைக்கும். ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது மறுபக்கத்தில் அடியிலிருந்து நுனிவரை மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். மென்மையான எஃகில் இந்தப் பிசிறு விரைவில் எழுகிறது. ஆனால் எளிதில் விடுவதில்லை. அழுத்தமின்றிப் பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்து அதை நீக்காவிட்டால், முதலில் கூராகத் தோன்றும் கத்தி சிறிது நேரத்திலேயே தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கும்.

பயன்பாட்டில் 1.4116 விரைவாக மழுங்கியது உண்மைதான். ஆயினும் அதன் விளிம்பு பெரும்பாலும் தேய்வதைவிட மடங்கவே செய்கிறது என்பதால், தீட்டுக்கம்பியில் சில முறை இழுத்தாலே மீண்டுவிடுகிறது. விஜி-10 நெடுநாள் கூராக இருந்தது. ஆனால் கடினமான பூசணியை வெட்டிக் கத்தியைத் திருகினால் விளிம்பில் நுண்ணிய பொக்கைகள் விழுகின்றன. அவற்றைக் கம்பி சரிசெய்யாது, கரடான 400 எண் கல்லில் தேய்த்துத்தான் போக்க வேண்டும்.

பிடியில் நான் பார்த்தவை இரண்டே. எஃகும் பிடித்தகடும் சேரும் இடத்தில் நகம் சிக்கினால் அங்கே நீரும் அழுக்கும் தங்கும். அலகின் எஃகு பிடி முழுவதும் நீண்டு ரிவிட் அடிக்கப்பட்டிருப்பது மட்டும் இதற்கு ஈடாகாது. அடுத்தது, பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள தடித்த கழுத்து. அது விளிம்புவரை இறங்கியிருந்தால், விளிம்பு ஆண்டுக்கணக்கில் தேயத் தேய, கழுத்து மட்டும் தேயாமல் நின்று, அதையொட்டிய பகுதி வெட்டுப்பலகையைத் தொடாமல் போகும். நறுக்கிய காய் துண்டாகாமல் சரமாகத் தொங்குவது அதன் அடையாளம். ஆகவே கழுத்து பாதியில் முடியும் கத்திகளையே கணக்கில் எடுத்தேன்.

முடிவில் பெட்டியாக விற்கும் தொகுப்பைத் தவிர்த்து, 1.4116இல் ஒரு பெரிய கத்தியையும் 9 செ.மீ. சிறு கத்தியையும் எடுத்தேன். ரொட்டிக்கான பல்வெட்டுக் கத்தியைத் தட்டைக் கல்லில் தீட்ட இயலாது என்பதால், மழுங்கினால் மாற்றிவிடத்தக்க மலிவான ஒன்று போதுமென்று கருதினேன். விஜி-10 எலும்பில்லாத இறைச்சியையும் மென்காய்களையும் மெல்லியதாகச் சீவ மட்டும். அண்மையில் இன்னும் நுண்ணிய 3000 எண் கல்லையும் முயன்றேன். விஜி-10இல் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது, மென்மையான எஃகில் அந்தக் கூடுதல் உழைப்புக்கு ஏற்ற பயன் தென்படவில்லை.