அசையாத சந்தையில் ஷார்ட் ஸ்ட்ராடில்: பிரேக்ஈவனுக்கு உள்ளேயும் நஷ்டம் உண்டு

ஒரு பங்கு 1000-ல் நிற்கிறது. அடுத்த ஒரு மாதம் பெரிதாக அசையாது என்பது நம் கணிப்பு. 1000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை, அதாவது பங்கை 1000-க்கு வாங்கும் உரிமையை, 32-க்கும், அதே விலைக்கு விற்கும் உரிமையான புட்டை 28-க்கும் விற்கிறோம்; இதுதான் ஷார்ட் ஸ்ட்ராடில். கைக்கு வருவது 60. அதிகபட்ச லாபமும் அதுதான். ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி அன்று விலை சரியாக 1000-ல் முடிந்தால் மட்டுமே முழுதாகக் கிடைக்கும். இரண்டு பக்கமும் 60-ஐக் கூட்டிக் கழித்தால் 1060, 940 என்று லாபமும் நஷ்டமும் இல்லாத பிரேக்ஈவன் வருகிறது.

இந்த இரண்டு எண்களும் எக்ஸ்பைரி நாளுக்கு மட்டுமே பொருந்தும். புதிதாக விற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒன்பது நாள் கழித்து விலை 1040 என்று வையுங்கள். வொலட்டிலிட்டியும் சற்று ஏறியிருந்தால் கால் 55, புட் 12 என விற்கும். திரும்ப வாங்க 67 வேண்டும். அதாவது 7 நஷ்டம். இதே 1040-ல் எக்ஸ்பைரி முடிந்திருந்தால் 20 லாபம்! அதுவரை தாக்குப்பிடிக்கக் கணக்கில் பணம் வேண்டும். புரோக்கர் மார்ஜினைக் கூட்டிக் கேட்பதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அப்போது பணம் கட்ட முடியாதவரின் பொசிஷன் மோசமான விலையில் மூடப்படும்; கணிப்பு பின்னால் பலித்தாலும் பயனில்லை.

கீழ்ப்பக்க நஷ்டத்துக்கு ஒரு தரை இருக்கிறது. பங்கு பூஜ்யத்துக்கே போனாலும் புட்டில் 1000 போகும், வாங்கிய 60-ஐக் கழித்தால் 940. பயங்கரமான தொகைதான், ஆனால் முதல் நாளே எழுதி வைத்துவிடலாம். மேல்பக்கம் அப்படி ஒரு எண்ணே கிடையாது. கால் ஆப்ஷனை விற்றவர், சந்தை விலை என்னவாக இருந்தாலும் பங்கை 1000-க்குத் தர வேண்டும். கையில் பங்கு இல்லை என்றால் சந்தையில் வாங்கித்தான் தர வேண்டும், அந்த விலைக்கு உச்சவரம்பு கிடையாது. 1060-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே நஷ்டம்.

ஸ்டாப்லாஸ் இருக்கிறதே என்பார்கள். நேற்று 1010-ல் முடிந்த பங்கு, கம்பெனியை ஒருவர் வாங்கப்போகிறார் என்ற செய்தியில் இன்று 1300-ல் திறந்தால், இடையில் வர்த்தகமே நடக்கவில்லை. 1060-ல் போட்ட ஆர்டர் 1300-ஐ ஒட்டித்தான் நிறைவேறும். காலின் உள்ளார்ந்த மதிப்பு மட்டுமே 300. வாங்கிய 60 போக 240 நஷ்டம்.

என் பார்வையில், 1100 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் ஒன்று வாங்காமல் இதை இரவு முழுக்க வைத்திருக்கக் கூடாது. அது 5-க்குக் கிடைத்தால் நிகர வரவு 55 ஆகும், பிரேக்ஈவன் 945, 1055 என்று குறுகும். பதிலுக்கு, எக்ஸ்பைரியில் விலை எங்கே போனாலும் மேல்பக்க நஷ்டம் 45-ஐத் தாண்டாது. கீழ்ப்பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. அதையும் அடைக்க ஒரு 900 புட் வாங்க வேண்டும், அதன் விலையும் இந்த 55-லிருந்துதான் போகும்.